குவாண்டம் நடை ஏன் வேகமாகப் பரவுகிறது: வாய்மொழித் தேர்வில் சறுக்கிய ஒரு கேள்வி

குவாண்டம் கணிமைப் பாடத்தின் வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த கேள்வி எளிதாகத்தான் தெரிந்தது. "ஒரு கோட்டின் மேல் நடக்கும் ரேண்டம் நடையில் திட்ட விலக்கம் √t என்று வளர்கிறது. குவாண்டம் நடையில் t என்று வளர்கிறது. ஏன்?" நான் உடனே சொன்னேன்: "குவாண்டம் துகள் மேற்பொருந்துதலால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போகிறது சார், அதனால்."

ஆசிரியர் மறுக்கவில்லை. இன்னொன்று கேட்டார். "சாதாரண நடையிலும் நிகழ்தகவு இரண்டு பக்கமும்தானே போகிறது? முதல் அடியில் பாதி இடம், பாதி வலம். அது மட்டும் ஏன் மெதுவாகப் பரவுகிறது?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மதிப்பெண் போனது. அதன்பின் இதை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது, நான் தெரியும் என்று நினைத்திருந்த விளக்கம் விளக்கமே இல்லை என்பது புரிந்தது. இதே பாடத்தைப் படிப்பவர்களுக்கு, நான் படித்த வரிசையில் அல்லாமல், படித்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் மூன்று அடிகள், கையால்

நடப்பவரிடம் ஒரு நாணயம் இருக்கிறது. அதன் நிலைகள் R, L. ஒவ்வோர் அடியிலும் நாணயத்தின் மேல் ஹாடமார்ட் செயலி இயங்கும்: R என்பது (R+L)/√2 ஆகும், L என்பது (R−L)/√2 ஆகும். பிறகு R பகுதி ஓரிடம் வலப்பக்கம் நகரும், L பகுதி ஓரிடம் இடப்பக்கம் நகரும். தொடக்கத்தில் நடப்பவர் x=0 இல், நாணயம் R இல்.

பலரும் (நானும்தான்) இங்கே நேராகப் பொதுச் சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறோம். அதற்கு முன் பாதைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பாதையின் வீச்சுக்கு விதி ஒன்றுதான்: ஒவ்வோர் அடிக்கும் 1/√2, அதோடு L ஐத் தொடர்ந்து இன்னொரு L வந்தால் ஒரு கழித்தல் குறி.

இரண்டு அடிகள் வரை எந்த வேறுபாடும் வராது. இரண்டு நடையிலும் 1/4, 1/2, 1/4. ஆகவே தேர்வில் இரண்டு அடி மட்டும் போட்டுக் காட்டி "இதோ வேறுபாடு" என்று எழுத முடியாது. மூன்றாவது அடியில்தான் கதை தொடங்குகிறது.

மூன்று அடியில் x=1 ஐ அடையும் பாதைகள் மூன்று: RRL, RLR, LRR. எதிலும் LL இல்லை, எல்லாமே கூட்டல் குறி. இவற்றில் RLR, LRR இரண்டும் R நாணயத்தோடு முடிகின்றன, அவற்றின் வீச்சுகள் சேர்ந்து 2 ஆகின்றன. RRL தனியாக L இல் முடிகிறது, வீச்சு 1. எல்லாவற்றுக்கும் பொதுவான 1/√8 ஐயும் சேர்த்தால் நிகழ்தகவு (4+1)/8 = 5/8.

x=−1 க்கு வரும் பாதைகளும் மூன்றே: LLR, LRL, RLL. இங்கே LRL கூட்டல் குறியோடும் RLL கழித்தல் குறியோடும் வருகின்றன, இரண்டும் L இல் முடிகின்றன. ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிஞ்சுவது LLR மட்டும், நிகழ்தகவு 1/8. சாதாரண நடையில் இந்த இரண்டு இடங்களுக்கும் ஆளுக்கு 3/8. பாதைகளின் எண்ணிக்கை மாறவே இல்லை, கூட்டும் முறைதான் மாறியிருக்கிறது.

இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். x=1 இல் மூன்று பாதைகள், எல்லாம் கூட்டல் குறி, ஆகவே வீச்சு 3, நிகழ்தகவு 9/8 என்று எழுதினேன். ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவு! R இல் முடியும் பாதையும் L இல் முடியும் பாதையும் ஒன்றோடொன்று குறுக்கிடாது, ஏனென்றால் அவை செங்குத்தான நாணய நிலைகள். ஒரே இடம், ஒரே நாணயம் இரண்டும் பொருந்தினால்தான் வீச்சுகளைக் கூட்டலாம். மற்றபடி வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். நான்காவது அடியையும் நீங்களே போட்டுப் பாருங்கள். −4 இலிருந்து 4 வரை 1, 2, 2, 10, 1 என்று 16 இல் பங்குகள் வந்தால் சரி.

ஆனால் இது கேள்விக்குப் பதில் ஆகவில்லை

குறுக்கீட்டு விளைவு நிகழ்தகவை இடம் மாற்றுகிறது என்று இதுவரை காட்டினோம். பரவல் t க்கு நேர்விகிதமாக வளர்வதை இது காட்டவில்லை. குறுக்கீடு இருந்தாலே வேகம் வந்துவிடும் என்றும் இல்லை. ஒழுங்கற்ற ஊடகத்தில் இதே குறுக்கீடு அலையை ஓரிடத்திலேயே முடக்கிப் போட முடியும், ஆண்டர்சன் இடமுடக்கம் என்பது அதுதான். ஆகவே "குறுக்கீட்டு விளைவால்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதி விடை.

எனக்குத் தெளிவு தந்தது ஒரு பழைய கணக்கு. t அடிகளுக்குப் பிறகு இடம் x = s₁+s₂+…+s_t. ஒவ்வொரு s உம் +1 அல்லது −1. x² ஐ விரித்தால் s² உறுப்புகள் t வரும், ஒவ்வொன்றும் 1. மீதி t(t−1) குறுக்கு உறுப்புகள், sᵢsⱼ வடிவில்.

சாதாரண நடையில் ஒவ்வோர் அடியும் முந்தையதை அடியோடு மறந்துவிடுகிறது. ஆகவே குறுக்கு உறுப்பு ஒவ்வொன்றின் சராசரியும் பூச்சியம். மிஞ்சுவது t மட்டும், அதன் வர்க்கமூலம் √t. சாதாரண நடை மெதுவாக இருப்பதற்குக் காரணம் இந்த மறதிதான். குறுக்கு உறுப்புகள் சிறிதளவேனும் நிலையான ஒரு மதிப்பில் நின்றால் போதும், அவை t² அளவுக்கு இருப்பதால் பரவல் t ஆகிவிடும். அதாவது கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: குவாண்டம் நடையில் நூறாவது அடிக்கு முதல் அடி எப்படி நினைவிருக்கிறது?

விடை அலை எண்ணில் இருக்கிறது. கோட்டின் எல்லா இடங்களிலும் விதி ஒன்றே என்பதால் அலை எண் k ஒருபோதும் மாறுவதில்லை. ஒரு குறிப்பிட்ட k க்கு, ஓர் அடி என்பது நாணயத்தை ஒரு நிலையான அச்சைச் சுற்றிக் குறிப்பிட்ட கோணம் சுழற்றுவது, அவ்வளவுதான். மறுபடி மறுபடி அதே அச்சு, அதே கோணம். பம்பரம் சுற்றும்போது அதன் அச்சு வழியான கூறு அப்படியே நிற்பதுபோல, நாணயத்தின் "வலம்-இடம்" கூறில் அச்சோடு சேர்ந்த பகுதி மட்டும் அழியாமல் நிற்கிறது. மற்றது சுழன்று சுழன்று சராசரியில் கரைந்துபோகும். நிற்கும் பகுதிதான் அந்த k இன் குழுத் திசைவேகம்:

v(k) = ± cos k / √(1 + cos² k)

ஓரிடத்தில் தொடங்கும் நடையில் எல்லா k உம் சம அளவில் கலந்திருக்கும். ஆகவே x² இன் சராசரி, t² ஐ v² இன் சராசரியால் பெருக்கினால் வருவது. அந்தச் சராசரி 1 − 1/√2, ஏறத்தாழ 0.293. நூறு அடிக்கு x² இன் சராசரி சுமார் 2929, அதன் வர்க்கமூலம் 54. சாதாரண நடைக்கு அதே நூறு அடியில் 10 தான்.

இந்த 54 ஐ அப்படியே திட்ட விலக்கம் என்று எழுதிவிடாதீர்கள். R இல் தொடங்கினால் பரவல் வலப்பக்கம் சாய்கிறது, சராசரி இடமே 0.293t க்கு நகர்ந்துவிடுகிறது. அதைக் கழித்தால் திட்ட விலக்கம் 0.455t. நாணயத்தை (R + iL)/√2 இல் தொடங்கினால் இரு பக்கமும் சமமாகும், அப்போதுதான் 0.541t. ஹாடமார்டில் எல்லா எண்களும் மெய்யெண்கள், எனவே மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று வலம் சாய்ந்தால் மற்றது இடம் சாய்கிறது. விடைத்தாளில் தொடக்க நிலையை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், திருத்துபவர் எதோடு ஒப்பிடுவார்?

கணினியில் சரிபார்த்தல்

```python
import numpy as np
t = 100
R = np.zeros(2*t+1, complex)
L = np.zeros(2*t+1, complex)
R[t] = 1
for _ in range(t):
    a, b = (R+L)/np.sqrt(2), (R-L)/np.sqrt(2)
    R, L = np.roll(a, 1), np.roll(b, -1)
P = abs(R)**2 + abs(L)**2
x = np.arange(-t, t+1)
m = (P*x).sum()
print(P.sum(), m, np.sqrt((P*x*x).sum() - m*m))
```

நிகழ்தகவுகளின் மொத்தம் 1, சராசரி 29 ஐ ஒட்டி, திட்ட விலக்கம் 45 ஐ ஒட்டி வர வேண்டும்.

முதலில் நான் வரிசையின் நீளத்தை 101 என்று வைத்திருந்தேன். மொத்தம் கச்சிதமாக 1 வந்தது, நிம்மதியாக இருந்துவிட்டேன். படமோ தாறுமாறு. `np.roll` ஒரு முனையில் வெளியேறுவதை மறுமுனையில் உள்ளே விடும். 70 ஐ ஒட்டி இருக்க வேண்டிய முகடு சுற்றிக்கொண்டு −31 பக்கம் வந்து நின்றது. மொத்த நிகழ்தகவைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடிக்க வேறு வழி உண்டு: இரட்டைப்படை அடிகளுக்குப் பிறகு ஒற்றைப்படை இடங்களில் நிகழ்தகவு பூச்சியமாக இருக்க வேண்டும். அங்கே ஏதாவது தலைகாட்டினால் வரிசை சிறியது.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் நாணயத்தை அளந்துவிடுங்கள். அளந்ததும் நாணயம் R அல்லது L என்று உறுதியாகிவிடும், அடுத்த ஹாடமார்ட் அதைச் சரிபாதியாகப் பிரிக்கும், கழித்தல் குறிக்கு வேலையே இருக்காது. வருவது அச்சு அசலாகச் சாதாரண நடை, √t. எப்போதாவது ஒருமுறை மட்டும் அளந்தால், அளவீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் t போலவும் நீண்ட காலத்தில் √t போலவும் நடக்கும். மறதி வந்தால் வேகம் போய்விடும் என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. 2009 இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் ஒளிப்பொறியில் பிடித்துவைத்த ஒற்றைச் சீசியம் அணுவை இப்படி நடக்கவிட்டபோதும், சில அடிகளுக்குப் பிறகு ஒத்திசைவு குலையக் குலைய நடை சாதாரண நடையின் பக்கம் சாய்வதைப் பார்த்தார்கள்.

மறுதேர்வில் அதே ஆசிரியர்தான் இருந்தார். குறுக்கு உறுப்புகளைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. "நேராக ஓடுகிறது என்கிறாய். நூறு அடியில் முகடு ஏன் 100 இல் இல்லாமல் 70 இல் நிற்கிறது?" v(k) இன் உச்சம் k=0 இல் 1/√2, அதைவிட வேகமாக எந்த அலையும் ஓட முடியாது என்றேன். "அப்படியானால் x=100 இல் என்ன நிகழ்தகவு?" என்றார். அங்கே போக நூறு முறையும் R என்ற ஒரே பாதைதான் உண்டு, குறுக்கிடத் துணைப் பாதை இல்லை. ஆகவே 2⁻¹⁰⁰, சாதாரண நடையில் இருக்கும் அதே எண்.