பன்னிரண்டு ஆனையும் ஒரு பஞ்சுத் துணுக்கும்

அக்டோபர் 8, புதன்

கடையில் இன்று கூட்டமே இல்லை, மழை. பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு மழைநாள்தான் விடுமுறை. கல்லா மேசைக்கு அடியில் கிடந்த திருமந்திரத்தை எடுத்துப் பிரித்தேன். மூவாயிரம் பாட்டில் கண்ணில் பட்டது இது:

ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும்
காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை
காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக்
கூற்றை உதைக்கும் குறியது வாமே

பலதடவை கேட்ட பாட்டுதான், யோகா வகுப்பு விளம்பரத்தில்கூட வரும். ஆனால் 'கணக்கறிவாரில்லை' என்று ஒருவர் சொன்னால் கணக்கு எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் உறைக்கத்தானே செய்யும்.

முதல் அடியில் 'இருகால்' என்பதைச் சின்ன வயதில் இரண்டு கால்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கால் என்றால் காற்று என்பதும் பழைய பொருள். இருகால் என்றால் இடது மூக்கில் ஓடும் காற்றும் வலது மூக்கில் ஓடும் காற்றும், அதாவது இடகலையும் பிங்கலையும். அப்புறம் கடைசி அடியில் 'உதைக்கும்' என்று வருகிறது பாருங்கள். கூற்றுவனை உதைக்க ஒரு கால் வேண்டும், அந்தக் காலை முதல் அடியிலேயே காற்றாக மாற்றி ஒளித்து வைத்துவிட்டார் மனுஷன். திருக்கடவூரில் சிவன் காலனை உதைத்த கதையை மூக்குக்குள் கொண்டுவந்து வைத்தாயிற்று.

கால் என்பது நாலில் ஒரு பங்கும்கூட. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

அக்டோபர் 10, வெள்ளி

கணக்கு அடுத்தடுத்த பாட்டுகளிலேயே கிடைக்கிறது. இடது பக்கம் ஈரெட்டு, அதாவது 16 மாத்திரை உள்ளே இழுப்பது பூரகம். அறுபத்து நாலு நிறுத்துவது கும்பகம். முப்பத்திரண்டு வெளியே விடுவது ரேசகம். 16, 64, 32, இதில் என்ன பெரிய ரகசியம் என்று ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து, செல்போனில் நொடி ஓடவிட்டுத் தொடங்கினேன்.

16 நொடி இழுத்தது ஒருவழியாக ஆயிற்று. நிறுத்தியதில் 25 வரை ஒன்றுமில்லை. 35-இல் தொண்டை தானாக விழுங்கப் பார்த்தது. 40 தாண்டியதும் காது இரண்டும் அடைத்து, எதிர்வீட்டுத் தென்னை ஒருபக்கம் சாய்ந்தது. மூச்சு குபீரென்று வெளியே பாய்ந்தது, 32 எங்கே, 3 நொடிகூட இராது. அப்படியே தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆசானைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் வர்ம ஆசான் என்றால் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் போய் நிற்கிற ஆள், ஆனால் இவருக்குச் சித்தர் பாட்டு கையிருப்பு நிறைய. எண்ணெய்க் கையோடு ஒரு பையனின் மணிக்கட்டை உருவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் கையை நிறுத்தாமலே கேட்டார்:

“லேய் மக்கா, மாத்திரைன்னா ஒரு செக்கண்டுன்னு உனக்கு ஆரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்டதுதான். இலக்கணத்தில் கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும் ஒரு மாத்திரை. கண்ணை வேகமாகவும் இமைக்கலாம், மெல்லவும் இமைக்கலாம். ஆசான் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன்: அந்தப் பாட்டில் இருப்பது அளவு இல்லை, விகிதம். ஒரு பங்கு இழு, நாலு பங்கு நிறுத்து, இரண்டு பங்கு விடு. ஒரு பங்கு என்பது எவ்வளவு என்று பாட்டில் இல்லை, அதை ஆளைப் பார்த்து ஆசான் சொல்ல வேண்டும். எண்ணைப் பட்டவர்த்தனமாகப் போட்டுவிட்டுப் படிக்கல்லை மட்டும் எடுத்து மறைத்து வைத்திருக்கிறார் திருமூலர்! தராசில் சரக்கு இருக்கிறது, மறுதட்டு காலி. மறைபொருள், பரிபாஷை என்றெல்லாம் பெரிதாகப் பேசுகிறோமே, இந்தப் பாட்டில் பூட்டு அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது.

16 என்பது 64-இல் கால் பங்கு, ஆகவே 'இருகாலும்' என்பதில் அந்தக் காலும் இருக்குமோ என்று கேட்டேன். “கடையில இருந்து உனக்க புத்தி இப்படி ஆயிப்போச்சு” என்று சிரித்தார். இல்லை என்றும் சொல்லவில்லை.

நிறுத்தியது கூடிப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு அவர் சொன்ன அடையாளம் எனக்குப் பிடித்தது. நிறுத்தும்போது ஒன்றும் தெரியாது, விடும்போதுதான் தெரியும். வெளிமூச்சு சீராக, கடைசிவரை ஒரே நூலாக வந்தால் சரி. பீச்சிக்கொண்டு வந்தாலோ, அடுத்த மூச்சை வாயால் அள்ளவேண்டி வந்தாலோ நிறுத்தியது அதிகம், குறைக்க வேண்டும். பிரஷர் உள்ளவர்களும் நெஞ்சு நோய்க்காரர்களும் நிறுத்தவே கூடாது.

“உனக்கு இப்பம் கும்பகமே செய்யாண்டாம். நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு, கேட்டியா? மத்தது பொறவு பாப்போம்.”

கிளம்பும்போது அந்தப் பையன் வலியை மறந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

நாலு, எட்டு. ஒன்றும் நடக்கவில்லை. கொசு.

அக்டோபர் 15, புதன்

ஆசான் ஒரு விடுகதையும் கொடுத்து அனுப்பியிருந்தார், அதுவும் திருமந்திரம்தான்:

பன்னிரண் டானை பகலிரவு உள்ளது
பன்னிரண் டானையைப் பாகன் அறிகிலன்
பன்னிரண் டானையைப் பாகன் அறிந்தபின்
பன்னிரண் டானைக்குப் பகலிரவு இல்லையே

ஆனை என்பது மூச்சு. பன்னிரண்டு என்பது மூச்சு மூக்கைவிட்டு வெளியே போகும் தூரம், 12 விரற்கடை. நாலு விரலைச் சேர்த்து மூன்று முறை வைத்தால் வருகிற நீளம். பாகன் உயிர். (பன்னிரண்டைச் சூரிய கலை என்று கொள்பவர்களும் உண்டு.) சித்தர் மரபில் சொல்லும் கணக்கு இப்படிப் போகிறது: 12 விரல் வெளியே போகிறது, 8 விரல்தான் திரும்பி வருகிறது, 4 விரல் நஷ்டம். ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு 360 மூச்சு, 60 நாழிகைக்கு 21,600. நிமிடத்துக்கு 15 வருகிறது. எனக்கு எண்ணிப் பார்த்ததில் 16, ஆக நடைமுறைக்கு ஒத்துத்தான் போகிறது. 12-க்கு 4 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 21,600-இல் 7,200 மூச்சு தினமும் கைவிட்டுப் போகிறது என்று எழுதிவைத்துவிட்டார்கள். இப்படி ஒரு நஷ்டக் கணக்கை எங்கள் முதலாளியிடம் காட்டினால் அன்றைக்கே கடையை இழுத்து மூடுவார்.

அக்டோபர் 16, வியாழன்

சோதித்துப் பார்த்துவிட்டேன். தலையணை ஓரத்திலிருந்து இலவம்பஞ்சு ஒரு துணுக்கு, அதைத் தையல் நூலில் கட்டி, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கதவு நிலையிலிருந்து மூக்கு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். நாலு விரல் தூரத்தில் பஞ்சு நன்றாக ஆடியது. எட்டில் ஆடியது. பன்னிரண்டில் மெல்ல ஒரு சிலிர்ப்பு, அதற்கப்புறம் இல்லை. மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கி வந்து நின்றால் பதினெட்டிலும் ஆடுகிறது. நடந்தால் கூடும், உறங்கினால் கூடும் என்று சொல்லிவைத்ததில் பாதியாவது கண்ணெதிரே பார்த்தாயிற்று.

ஆனால் உள்ளே இழுக்கும்போது? எட்டு விரலில் பஞ்சு அசையவே இல்லை, மூக்கை ஒட்டி இரண்டு விரலுக்குள்தான் கொஞ்சம் இழுபட்டது. முதலில் குழம்பினேன், அப்புறம் மெழுகுவர்த்தி ஞாபகம் வந்தது. ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. வெளியே போகிற காற்று குழாய்த் தண்ணீர்போல ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே வருகிற காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. போன அளவுக்குக் காற்று திரும்பத்தான் செய்கிறது, தூரம்தான் கைக்குத் தெரிவதில்லை. ஆகவே 4 விரல் நஷ்டம் என்பதை நுரையீரல் கணக்காக எடுத்துக்கொண்டால் தப்பு. ஆனால் போகிற மூச்சும் வருகிற மூச்சும் சமமாகத் தெரிவதில்லை என்பதை யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கவனித்திருக்கிறார். அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது, அவர் போட்ட வரவு செலவு சரியோ இல்லையோ.

அக்டோபர் 18, சனி

பகல் இரவுக்கு வருவோம். முகம் பார்க்கும் கண்ணாடியை மூக்குக்குக் கீழே படுக்கையாக வைத்து மூச்சுவிட்டால் இரண்டு ஆவித் திட்டு விழும். காலை ஆறு மணிக்கு இடது திட்டு பெரிது, வலது ஒரு மொச்சைக்கொட்டை அளவு. பத்து மணிக்குக் கடையில் ரகசியமாகப் பார்த்தால் வலது பெரிது. இடது சந்திரன், வலது சூரியன், அதுதான் பாட்டில் வரும் இரவும் பகலும். எல்லோருக்கும் இது சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக மாறுகிறது, இன்றைய மருத்துவமும் சொல்வதுதான். பாகன் அறிந்தபின் பகலிரவு இல்லை என்றால், மூச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல் நடுவிலே, சுழுமுனையில் நிற்பது. காலனை உதைப்பது, பகலிரவு இல்லாமல் போவது, இரண்டும் ஒன்றே என்கிறார் ஆசான். பொழுது இல்லாத இடத்தில் காலனுக்கு என்ன வேலை என்பது அவர் வாதம்.

கண்ணாடியும் கையுமாக இருந்ததைப் பார்த்த சரக்கு இறக்கும் பையன் மீசை வளர்க்கிறேனா என்று கேட்டான்.

அக்டோபர் 19, ஞாயிறு

மருந்துவாழ்மலை ஏறினேன். அனுமன் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கதை, நாராயண குரு தவமிருந்த குகையும் இங்கேதான். குகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு, எட்டு. ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 12 நொடி என்றால் நிமிடத்துக்கு 5, நாழிகைக்கு 120. அதாவது 360-இல் 240 மிச்சம். மிச்சப்பட்ட மூச்சு ஆயுளில் வரவாகும் என்பது மரபின் நம்பிக்கை. எனக்கு அந்த இடத்தில் நம்பிக்கை போதவில்லை, ஆயுள் என்ன சிட்டைப் புத்தகமா? ஆனால் 24 நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஒருதடவைகூட செல்போனை எடுக்கவில்லை. அது என் கணக்கில் பெரிய தொகை.

வழியில் வந்த நண்பன் தக்கலைக்காரன். அங்கே சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா தர்காவில் அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள், சின்ன வயதில் தாத்தா மடியில் கிடந்து கேட்டானாம். பொருள் ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு அடிக்கு ஒரு மூச்சு, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றான். இறங்கும்போது அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 22, புதன்

மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் இல்லை. பஞ்சுத் துணுக்கு இன்னும் கதவு நிலையில் தொங்குகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எட்டு விரல் தூரத்தில் உட்கார்ந்தேன். நாலு, எட்டு, நாலு, எட்டு. கொஞ்ச நேரத்தில் எண்ணுவது எப்போதோ நின்றுபோயிருந்தது. எட்டு விரலில் பஞ்சு ஆடவில்லை. ஆறுக்கு நகர்ந்தேன், அங்கே லேசாக ஆடியது. ஆசானிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசித்த உடனே எட்டிலும் ஆட ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும். கும்பகத்துக்கு எத்தனை என்று அவர் இன்னும் சொல்லவில்லை.