பாஸ்புக்கில் இல்லாத 3,249 ரூபாய்

திருப்பூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். எந்த பார்ட்டி எவ்வளவு தரணும், நூல்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று நாள் முழுக்க அடுத்தவர் கடனைப் பார்ப்பதுதான் வேலை. அப்படிப்பட்டவனே வீட்டுக் கணக்கில் 5,706 ரூபாய் பில்லுக்கு 531 ரூபாய் தண்டம் கட்டினேன். காசு இல்லாமல் போனதுகூட இரண்டாம் பட்சம்தான். திரையில் பார்க்கக் கூடாத எண்ணைப் பார்த்துவிட்டேன்.

2025 ஏப்ரலில் ஷாப்பிங் ஆப் ஒன்றில் 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' வசதியை எடுத்துக்கொண்டேன். 20,000 ரூபாய் லிமிட். ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரை வாங்குவதற்கு, அடுத்த மாதம் 1ஆம் தேதி பில் வரும். 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுக்க வங்கிக்கு அனுமதி, அதாவது மேண்டேட், முதலிலேயே கொடுத்தாகிவிட்டது.

மே மாதம் நாலு பொருள் வாங்கினோம். 4ஆம் தேதி செருப்பு 899. 12ஆம் தேதி மிக்ஸி 3,249. 21ஆம் தேதி போன் ரீசார்ஜ் 349. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே என்று 29ஆம் தேதி பையனுக்குப் பை 1,150. செருப்புக்குக் கட்ட 32 நாள் அவகாசம், பைக்கு வெறும் 7 நாள். ஒரே ஆப், ஒரே லிமிட், ஆனால் சுழற்சியில் எந்த நாளில் வாங்கினோம் என்பதைப் பொறுத்து கடனின் ஆயுள் மாறிவிடும்.

இந்த நாலு வாங்கலில் ஒன்றுகூட என் பாஸ்புக்கில் ஏறவில்லை. ஏறவும் ஏறாது. அன்றைக்குக் கடைக்குப் பணம் கொடுத்தது என் வங்கி இல்லை, ஆப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு நிதி நிறுவனம். மே மாதப் பாஸ்புக்கைப் பார்த்தால் நாங்கள் ரொம்பச் சிக்கனமான குடும்பம்!

மிக்ஸி ஓடினால் மேடையே அதிர்ந்தது. மே 31 அன்று திருப்பி அனுப்பினோம். 'ரீஃபண்ட் ஆகிவிட்டது' என்று ஜூன் 3 செய்தி வந்தது. தவறு தொடங்கியது அங்கேதான்.

1ஆம் தேதியே பில் போட்டுவிட்டார்கள். நாலு பொருளுக்கும் சேர்த்து 5,647, சேவைக் கட்டணம் 50, அதற்கு ஜிஎஸ்டி 9, ஆக மொத்தம் 5,706. பொருள் வாங்கிய மாதத்துக்கு மட்டும் இந்தச் சேவைக் கட்டணம் வரும். 3ஆம் தேதி ரீஃபண்ட் வந்ததும் ஆப்பைத் திறந்தேன். மேலே பெரிய எழுத்தில் 'மொத்த நிலுவை 2,457' என்று இருந்தது. 5,706இல் 3,249 போக மீதி, கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கில் 2,640 இருக்கிறது, போதும் என்று போனை வைத்துவிட்டேன்.

அதே திரையில் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் 'இந்த மாத பில் 5,706, கடைசி நாள் ஜூன் 5' என்பது கண்ணில் பட்டிருக்கும். இரண்டு எண்ணும் பொய் இல்லை. மொத்த நிலுவை என்பது இந்த நிமிடம் நான் அவர்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது. பில் என்பது மாதக் கடைசி ராத்திரியோடு மூடிய கணக்கு. அதற்குப் பிறகு வரும் ரீஃபண்ட் பில்லைக் குறைக்காது, லிமிட்டுக்குத் திரும்பி, அடுத்த பில்லில்தான் கழியும். மேண்டேட் எடுப்பது பில் தொகையை.

எங்கள் ஊர் மளிகைக் கடையில் பற்று நோட்டு உண்டு. வாங்கிய எண்ணெய் பாக்கெட் ஒழுகுகிறது என்று திருப்பிக் கொடுத்தால் அந்த வரியை அப்போதே பேனாவால் அடித்துவிடுவார். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் நினைத்துவிட்டேன். இங்கே பக்கம் கூட்டி முடித்த பிறகு அடிக்கிற வேலை கிடையாது, புதுப் பக்கத்தில் வரவு வைப்பதுதான்.

5ஆம் தேதி வியாழக்கிழமை. மேண்டேட் 5,706 கேட்டு வந்தது. கணக்கில் 2,640 இருந்தும் ஒரு பைசா எடுக்கவில்லை. இருப்பதை எடுத்துக்கொண்டு மீதிக்குக் காத்திருக்கிற பழக்கம் இதில் இல்லை, முழுத் தொகை இல்லையென்றால் முழுசாகத் திரும்பிவிடும். எங்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். இரண்டு நாள் இடைவெளி.

வெள்ளிக்கிழமை காலையில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 295 ரூபாய் பிடித்தம். மேண்டேட் திரும்பியதற்கு 250, ஜிஎஸ்டி 45. கொஞ்ச நேரத்தில் ஆப்பிலிருந்து இன்னொன்று: தாமதக் கட்டணம் 200, ஜிஎஸ்டி 36. ஒரே குற்றத்துக்கு இரண்டு இடத்தில் அபராதமா என்று கோபம் வந்தது. நிதானமாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. முதலாவது, மேண்டேட்டை நிறைவேற்ற முடியவில்லை என்று என் வங்கி என் கணக்கிலிருந்து எடுத்தது, பாஸ்புக்கில் மட்டும் தெரியும். இரண்டாவது, பில் கட்டவில்லை என்று கடன் கொடுத்தவர் போட்டது, ஆப்பில் மட்டும் தெரியும். ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது.

"ஏனுங்க, மிக்ஸிதான் திருப்பிக் குடுத்தாச்சே, அதுக்கும் எதுக்குங்க காசு கேக்கறாங்க?" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு விளக்கிச் சொல்லப் போய்த்தான் எனக்கே முழுசாக விளங்கியது என்பது வேறு விஷயம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று: மறுபடியும் மேண்டேட் அனுப்புவீர்களா? "ஆமா சார், அடுத்த வாரம் ஒரு முறை ட்ரை பண்ணுவோம். அதுக்கு முன்னாடி ஆப்லயே கட்டிட்டீங்கன்னா வராது" என்றார் அந்தத் தம்பி. இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது தடவையும் திரும்பினால் வங்கி இன்னொரு 295 எடுக்கும். நாம் கையால் கட்டிய பிறகு மேண்டேட்டும் ஓடினால் இரண்டு தடவை போய்விடும். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஆப்புக்குள்ளிருந்தே யுபிஐ மூலம் 5,942 கட்டினேன், ரசீதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பாஸ்புக்கில் இரண்டே வரி: 295, 5,942. ஆப்பில் நாலு வாங்கல், சேவைக் கட்டணம், தாமதக் கட்டணம், ரீஃபண்ட். கட்டிய 5,942 தவிர இரண்டுக்கும் பொதுவான எண் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, பாஸ்புக்கில் பணம் போனதாக இருந்த பெயர் ஆப்பின் பெயரே இல்லை, கேள்விப்படாத ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனி. முதலில் யாரோ திருடிவிட்டார்கள் என்று பயந்துபோனேன்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, லிமிட் கொடுத்த நாளில் மின்னஞ்சலில் வந்திருந்த முக்கிய விவர அறிக்கை அகப்பட்டது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிகளால் இதைக் கொடுத்தாக வேண்டும். கடன் கொடுப்பவர் யார், ஆண்டு வட்டிச் செலவு எவ்வளவு, தாமதித்தால் என்ன கட்டணம், யாரிடம் புகார் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. ஆப் என்பது இடையில் நிற்கும் ஏஜென்ட் மாதிரிதான். கட்டும் பணமும் நேராகக் கடன் கொடுத்தவர் கணக்குக்கே போகணும் என்பதும் விதி, அதனால்தான் பாஸ்புக்கில் அந்தப் பெயர்.

அதைப் படிக்கும்போது தொழில் புத்தி வேலை செய்தது. அதில் தாமதக் கட்டணத்தை அபராதக் கட்டணம் என்றுதான் போட்டிருந்தார்கள். கடன் நிபந்தனையை மீறியதற்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் போடும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2025 ஜனவரியில் மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் ஆடிட்டர் ஆபீசில் அப்போது பேசியது ஞாபகம் இருந்தது. அப்படியென்றால் இந்த 36 எதற்கு? அறிக்கையில் இருந்த குறைதீர்ப்பு அதிகாரிக்கு நாலு வரி எழுதினேன். 200ஐக் கேட்கவில்லை, அது என் தப்பு. பத்து நாளில் 36 ரூபாய் ஆப்பில் வரவானது, வங்கிக்கு வரவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. இரண்டு நாள் தாமதம் சிபில் பக்கம் போயிருக்குமா? நாலு கடன் தகவல் நிறுவனங்களும் ஆளுக்கு வருஷம் ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், அதில் ஒன்றை ஜூலையில் எடுத்துப் பார்த்தேன். அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் ஒரு கணக்கு இருந்தது, தாமத நாள் சுழியம். அப்போது கடன் விவரத்தை மாதம் இரண்டு முறை அனுப்பினார்கள், 15ஆம் தேதிக்கு முன்பே நான் கட்டிவிட்டதால் தப்பித்தேன் என்று நினைக்கிறேன். கோபியில் இருக்கும் என் மச்சானுக்கு வேறொரு ஆப். அவன் அறிக்கையில் ஒவ்வொரு வாங்கலும் தனித்தனிக் கடனாக, பதினொரு வரி. செருப்புக்கு ஒரு கடன், சார்ஜருக்கு ஒரு கடன்!

இப்போது வீட்டு நோட்டில் அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒரு தனிப் பக்கம், நூல்காரருக்குக் கம்பெனியில் போடுகிற மாதிரியே. பொருள் வாங்கிய அன்றே செலவு எழுதி, அந்தப் பக்கத்தில் பாக்கி ஏற்றிவிடுவேன். 5ஆம் தேதி வங்கியிலிருந்து போவதைச் செலவில் எழுத மாட்டேன், அது பாக்கி தீர்ப்பது மட்டும்தான். முன்பெல்லாம் இரண்டையும் எழுதி ஒரே செருப்பை இரண்டு தடவை வாங்கிக்கொண்டிருந்தேன். வங்கி பிடித்த 295ம் ஆப் போட்ட 200ம் தண்டம் என்று தனித் தலைப்பில் இருக்கின்றன. பக்கத்தின் மேலே பில் நாள், கட்டும் நாள் இரண்டையும் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

ஜூனில் 1,430 ரூபாய்க்குப் பொருள் வாங்கினோம். ஜூலை 1 பில்லில் அதோடு சேவைக் கட்டணம் 59 சேர்ந்தது. மிக்ஸியின் 3,249ம் அந்த 36ம் வரவாக நின்றன. கட்ட வேண்டியது சுழியம், கூடுதலாக 1,796 அவர்களிடமே கிடக்கிறது. ஜூலை 5 அன்று பாஸ்புக்கில் ஒரு வரிகூட விழவில்லை. "பரவாயில்லீங்களே, இந்த மாசம் ஒண்ணுமே வாங்கலையாட்ட இருக்குது" என்று அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புதுக் குக்கரில் அரிசி போடப் போனாள் வீட்டுக்காரி.