ஓடாத நடைக்கு என்ன எண்?

"அந்த நடைக்குப் பேருந்து ஓடவில்லை என்றால் வசூல் எவ்வளவு?" என்று மேலாளர் கேட்டார்.

"ஒன்றும் இல்லை, சார்."

"ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம்தானே? போட்டுவிடுங்கள்."

அதற்கு மேல் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது பதில் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் வேறொரு பதில் வருகிறது.

எங்கள் பேருந்துப் பணிமனைக்குப் புதிதாக வந்தவர் அவர். முன்பிருந்தவர் நடத்துநர்களின் தாள்களையே கையில் வாங்கிப் பார்ப்பார். இவருக்குக் கணினியில் அட்டவணையாக வேண்டும். அதனால் அன்றன்றைய வசூல் தாளை நடத்துநர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவார். படத்தை அட்டவணையாக மாற்றும் செயலியில் அதை இட்டு, வருவதைச் சரிபார்த்து மேலாளருக்கு அனுப்புவது என் வேலையாயிற்று.

சரிபார்ப்பதை நான் ஏனோதானோவென்று செய்ததில்லை. எண்ணுக்குப் பின்னால் நடத்துநர் போடும் சாய்கோட்டை அந்தச் செயலி 1 என்று படித்துவிடும். 1840 என்பது 18401 ஆகி நிற்கும். மேலே உள்ளதே கீழேயும் என்று காட்ட அவர் போடும் இரட்டைக் கீற்று 11 ஆகிவிடும். டிக்கெட் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துபோகும். கீற்று எண்ணாவதைப் பிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு டிக்கெட் கட்டிலும் முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து, டிக்கெட்டின் மதிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் பணம் கட்டிய ரசீதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு கீற்று எண்ணாகியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைய தாள் பொருந்தியது. ஆறு நடைகள். முதல் நடை 1840, இரண்டாவது 2310, மூன்றாவது 1260, ஐந்தாவது 1570, ஆறாவது 2020. மொத்தம் 9000. நான்காவது நடையில் எண் இல்லை. மூன்றாவது நடையில் பாதி வழியில் பிரேக்குக்கான காற்று இறங்கி வண்டி நின்றுவிட்டது. பயணிகளை அதே டிக்கெட்டோடு பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பழுது பார்த்து வண்டி திரும்புவதற்குள் நான்காவது நடைக்கான நேரம் போய்விட்டது.

இதைத் தாளில் நடத்துநர் எப்படிக் காட்டியிருந்தார் என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. நான்காவது வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாகச் சிறு கோடு போடவில்லை. முதல் கட்டத்தில் தொடங்கி, டிக்கெட் கட்டுகளையெல்லாம் தாண்டி, தொகைக் கட்டம் வரை பேனாவை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்திருந்தார். அந்தக் கோட்டின் மேல் நேரக் காப்பாளரின் கையெழுத்து. பிறகு யாரும் அந்த வரிசையில் எதையும் எழுதிச் சேர்க்க முடியாது. ஓரத்தில், 'வண்டி பழுது, நடை ரத்து' என்று சாய்வாக ஒரு குறிப்பு. அட்டவணையில் அந்த ஒரே கோடு ஏழு வெற்றுக் கட்டங்களாக வந்தது. ஓரக் குறிப்பை நான் கடைசிப் பத்தியில் தட்டச்சு செய்து சேர்த்தேன். மேலாளர் தயாரித்த சுருக்கத்துக்குப் போனவை எண்கள் மட்டும்தான்.

வெற்றுக் கட்டத்தைச் சராசரி கணக்கிடும் சூத்திரம் கண்டுகொள்ளாது, தாண்டிப்போய்விடும். பூஜ்யத்தை அது ஒரு நடையாகவே எண்ணும்.

```
=AVERAGE(B2:B7)
```

கட்டம் வெறுமையாக இருந்தபோது விடை 1800. மேலாளர் சொன்னபடி நான் 0 போட்டதும் 1500. நடைக்கு 1600க்குக் கீழே போனால் விளக்கம் கேட்பது என்று அவர் ஒரு கோடு கிழித்திருந்தார். நடத்துநரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

மறுநாள் பணம் கட்ட வந்தவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நான் கோடுதானே போட்டிருந்தேன்?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? மொத்தத்தை நான் மாற்றவில்லை, ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுதான் உறுத்துகிறது. கோடு இருந்தாலும் 9000, பூஜ்யம் இருந்தாலும் 9000. நான் பெருமையாக நம்பியிருந்த சரிபார்ப்பு இந்த இடத்தில் எதையும் கண்டுபிடிக்காது. டிக்கெட் எண்களும் உதவாது. ஓடாத நடையானாலும், ஓடி ஒரு டிக்கெட்கூட விற்காத நடையானாலும், தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் ஒன்றேதான். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்தத் தாளில் இருந்தவை கோடு, கையெழுத்து, ஓரக் குறிப்பு மட்டுமே. அவை எண்கள் அல்ல.

மேலாளரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. அட்டவணையில் ஆறு நடை, வண்டிக்கு ஆறு நடைக்கான ஆட்கள், ஆறு நடைக்கான திட்டம். ஐந்து ஓடி 9000 வந்தால், பணிமனையின் கணக்கில் நடைக்கு 1500தான். அந்த இழப்பு உண்மையில் நடந்திருக்கிறது. பணிமனையைப் பற்றிக் கேட்டால் பூஜ்யம் சரி, நடத்துநரைப் பற்றிக் கேட்டால் கோடு சரி. ஒரே கட்டம் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். உடனே, கேட்டவர் பூஜ்யமா இல்லையா என்றுதானே கேட்டார், யாருக்கான கணக்கு என்று கேட்கவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் ஆகிவிடுகிறேன்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. மாதத் தாள்களையெல்லாம் சேர்த்து, பூஜ்யம் உள்ள வரிசைகளை மட்டும் மேலாளர் பிரித்தெடுத்துப் பார்த்தார். ஒரே வண்டி, பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகான நடைகள், வெவ்வேறு நடத்துநர்கள். தற்காலிகமாகச் சரிசெய்து சரிசெய்து அனுப்பப்பட்ட வண்டி அது. அதை முழுதாகப் பிரித்துப் பார்க்கப் பணிமனைக்குள் நிறுத்தினார்கள். நடத்துநரிடம் கேட்ட விளக்கமும் அத்தோடு கைவிடப்பட்டது. பழைய மேலாளர் ஒவ்வொரு கோட்டையும் சரியாகவே படித்தவர்தான். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டு, தலையாட்டி, தாளைக் கட்டுக்குள் வைத்துவிட்டார். கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக யாரும் அடுக்கிப் பார்த்ததில்லை. அப்படியானால் நான் பூஜ்யம் போட்டது நல்லதுக்கா? வெற்றுக் கட்டங்களையும் பிரித்தெடுக்க முடியும், அதற்குப் பூஜ்யம் தேவையே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வெற்றுக் கட்டத்தை யாரும் தேடிப் போவதில்லை. பூஜ்யம் ஒருவருக்கு வலித்தது, அதனால்தான் பார்த்தார்கள். இதைச் சொல்லும்போதே அந்த வலி யாருடையது என்று நினைவுக்கு வந்து பேச்சு நின்றுவிடுகிறது.

பின்பு நானே ஒரு புதிய படிவம் தயாரித்தேன். தொகைக்கு முன்னால் 'ஓடியதா' என்று ஒரு பத்தி. ஆம் அல்லது இல்லை. ஆம் என்று இருக்கும் வரிசைகளுக்கு மட்டும் சராசரி. மேலாளர் ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதே நடத்துநர்தான் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அன்றைக்கு மூன்றாவது நடை பாதி வழி ஓடியதே அண்ணே, அதற்கு என்ன போடுவது?"

பயணிகள் ஏறினார்கள், டிக்கெட் வாங்கினார்கள், 1260 வந்தது. ஆம்தான். ஆனால் மீதி வழியில் ஏறியிருக்க வேண்டியவர்கள் பின்னால் வந்த வண்டியில் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அந்த நடையையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால் அவருடைய சராசரி 1935. சேர்த்தால் 1800. மேலாளர் முதலில் பார்த்தது 1500.

"ஆம் என்றே போடுங்கள், ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள்" என்றேன்.

"ஓரத்தில் எழுதினால் அவருக்குப் போகுமா?" என்று கேட்டார்.

நான் அனுப்புவேன் என்றேன்.