03/04, 9:30 என்று மட்டும் வந்த மெயில்

2025 பிப்ரவரி 25 அன்று நியூ ஜெர்சியில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. மதுரையில் இருந்தபடியே அவர்களுக்கு மொழிபெயர்ப்பு செய்து தருவதாகப் பேச்சு. "03/04, 9:30க்குப் பேசலாமா?" அவ்வளவுதான். ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு சரி என்று பதில் போட்டுவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டேகால். தட்டில் தோசை விழுந்த நேரம் போன் அடித்தது, பதினைந்து நிமிடமாகக் காத்திருக்கிறார்களாம். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. 03/25 என்று வந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும், இரண்டு எண்ணும் பன்னிரண்டுக்குள் இருந்ததால்தான் ஏமாந்தேன். அவசர வேலைக்கு யாராவது ஐந்து வாரம் தள்ளி நாள் குறிப்பார்களா? அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டேன், அப்புறம் வேறு நாள் தந்தார்கள்: மார்ச் 11, காலை 9:30 EST. அந்த மூன்றெழுத்து நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் பொதுவான குளிர்கால நேரம், நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், அப்படிப் பார்த்தால் இங்கே இரவு எட்டு. ஆனால் மார்ச் 9 ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், வித்தியாசம் ஒன்பதரை ஆகிவிட்டது. அங்கே பலர் கோடையிலும் பழக்கத்தில் EST என்றே எழுதுவார்கள், எழுத்தை நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்போம். அதனால் இந்த முறை கேட்டுவிட்டேன்: "நியூயார்க் கடிகாரத்தில் காலை 9:30தானே, இந்தியாவில் மாலை 7:00?" ஆமாம் என்று பதில் வந்தது.

சரியாக ஏழுக்கு உட்கார்ந்தும் பாதியில் எழ வேண்டியதாயிற்று. எவ்வளவு நேரம் பேசுவோம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரை மணி நேரம்தான் என்று நானே நினைத்துக்கொண்டு ஏழரைக்கு இன்னொருவருக்கு நேரம் கொடுத்திருந்தேன். ஏழு இருபத்தைந்து வரை மாதிரிப் பக்கங்களைப் பற்றியே பேச்சு, கூலி பற்றி வாயைத் திறக்கும்போது கிளம்ப வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது தெரிய அடுத்த வாரம் வரை காத்திருந்தேன், அதுதான் மிகவும் வலித்தது.

இப்போது யார் நேரம் கேட்டாலும் நான் அனுப்பும் பதில் ஒரே வரிதான்: "செவ்வாய், மார்ச் 18, 2025, நியூயார்க் காலை 9:30 முதல் 10:15 வரை, இந்தியா மாலை 7:00 முதல் 7:45 வரை." கிழமை இருப்பதால் தேதி புரண்டிருந்தால் எதிரில் இருப்பவருக்கே இடிக்கும். ஊர்ப் பெயர் இருந்தால் குளிர்காலமா கோடையா என்ற குழப்பமே இல்லை. வாராந்தர காலுக்குக் காலண்டரில் நேர மண்டலமாக America/New_York வைத்தேன். நவம்பர் 2 அன்று அங்கே கடிகாரம் பின்னால் போனதும், என் பக்கம் அது தானாகவே எட்டு மணிக்கு நகர்ந்திருந்தது.