மூன்றரைப் பக்க நன்றியுரை

ஆய்வேடுகளுக்கு மொழித் திருத்தம் செய்வது என் வேலை. நானூறு பக்க ஏட்டில் நான் கடைசியாகப் பார்ப்பது நன்றியுரையை. எழுதியவரும் அதைக் கடைசியில்தான் எழுதியிருப்பார், பெரும்பாலும் ஒப்படைப்பதற்கு முந்தின இரவில். களைப்பு, நிம்மதி, யாரையாவது விட்டுவிட்டோமோ என்கிற பயம் மூன்றும் சேர்ந்து எழுதிய பக்கங்கள் அவை. இயல்களில் ஒரு பெயரடைக்கே ஆதாரம் தேடுகிற ஆள் இங்கே வந்ததும் கட்டவிழ்ந்துவிடுவார்.

படுக்கையில் கிடக்கும் பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்திருந்தார். முப்பத்தோரு குடும்பங்களோடு நேர்காணல். நல்ல ஆய்வு, மொழியும் சுத்தம். நன்றியுரை மட்டும் மூன்றரைப் பக்கம். ‘நன்றி’ என்று தேடிப் பார்த்தேன், நாற்பத்தொன்று வந்தது. அவற்றில் சில மனமார்ந்தவை, சில நெஞ்சார்ந்தவை, சில உளமார்ந்தவை. நெறியாளருக்கு மட்டும் சிரம் தாழ்ந்தது.

ஏன் இத்தனை வகை என்று கேட்டேன். “எல்லாருக்கும் ஒரே வார்த்தையைப் போட்டா நல்லா இருக்காதே, மேடம்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடைமொழியை மாற்றிப் போட்டால் படிக்கிறவர் அதை ஒரு தரவரிசையாக எடுத்துக்கொள்வார். நெஞ்சார்ந்த நன்றி பெற்ற நூலகர், மனமார்ந்த நன்றி பெற்ற துறைத்தலைவரைவிட மேலா, கீழா? எழுதியவருக்கே தெரியாது. அத்தனை அடைமொழியையும் எடுத்துவிட்டு வெறும் ‘நன்றி’யாக விட்டோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. பல வாக்கியங்களில் அந்த அடைமொழிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

நெறியாளரைப் பற்றிய பத்தி இப்படித் தொடங்கியது: “என் ஆய்வுப் பாதையில் ஒளிவிளக்காகத் திகழ்ந்து, கல்லாக இருந்த என்னைச் சிலையாக வடித்தெடுத்த...” இதே ஒளிவிளக்கையும் இதே சிலையையும் எத்தனையோ ஏடுகளில் பார்த்திருக்கிறேன். துறையை மாற்றினாலும் ஒரு சொல் மாறாது. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அவங்க என்ன செஞ்சாங்க?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். ஆறு நேர்காணல் முடிந்ததும் பதிவுகளைக் கேட்ட நெறியாளர், வினாப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அவர்களைப் பேச விடச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் நான்காம் இயலின் நான்கு வரைவுகளையும் வரி வரியாகப் படித்திருக்கிறார்.

அதையே எழுதச் சொன்னேன். ஒரு பத்தி இரண்டு வாக்கியமாகச் சுருங்கியது: “முதல் ஆறு நேர்காணல்களுக்குப் பிறகு, வினாப்பட்டியலை விட்டுவிட்டு மக்களைப் பேச விடச் சொன்னவர் என் நெறியாளர். நான்காம் இயலின் நான்கு வரைவுகளையும் வரி வரியாகப் படித்தார், அவருக்கு நன்றி.” ஒளிவிளக்கைவிட இதில் மரியாதை கூடுதல் என்று நினைக்கிறேன். எப்படியும் இந்த வாக்கியத்தை வேறு யாருடைய ஏட்டிலும் கொண்டுபோய் ஒட்ட முடியாது.

ஒவ்வொரு பெயருக்கும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனோம். என்ன செய்தார் என்று சொல்ல முடிந்தவர்கள் நின்றார்கள். சொல்ல முடியாதவர்கள், ‘நண்பர்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் போனார்கள், அல்லது போய்விட்டார்கள். ‘இவர் இல்லையேல் இந்த ஆய்வே இல்லை’ என்பது ஐந்து பேருக்கு எழுதப்பட்டிருந்தது. ஐந்து பேருக்கும் அதை எடுத்துவிட்டோம்.

இரண்டாம் பக்கத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. களத்தில் குடும்பங்களை அறிமுகப்படுத்தி வைத்த செவிலியருக்கு ஒரு நீண்ட பத்தி. அவருடைய முழுப் பெயர், வேலை பார்க்கும் இடம், எந்தப் பகுதி என்று எல்லாம் இருந்தது. கடைசியில், “தன் சொந்தத் தங்கை குடும்பத்தையே என்னிடம் பேச வைத்தார்” என்று ஒரு வரி.

மூன்றாம் இயலில் ஆய்வாளரே என்ன எழுதியிருக்கிறார்? பெயர்களும் ஊரும் மாற்றப்பட்டுள்ளன, பங்கேற்பாளர்கள் எண்களால் குறிக்கப்படுகிறார்கள் என்று. ஒப்புதல் படிவத்திலும் அதே உறுதி. ஐந்தாம் இயலைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் பங்கேற்பாளர், தன் அக்கா செவிலியராக இருப்பதால் மருந்து பற்றிய பயம் இல்லை என்கிறார். அடுத்த பக்கத்திலேயே, சொத்துத் தகராறால் அண்ணன் அப்பாவை வந்து பார்ப்பதே இல்லை என்று மனம் விட்டுப் பேசுகிறார். நன்றியுரையையும் ஐந்தாம் இயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு வீட்டு வாசல் வந்துவிடுகிறது. அந்த அண்ணனே படிக்கலாம். ஆய்வேடுகள் இப்போது மின்சேமிப்பகங்களில் கிடைக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடினால் வந்து நிற்கும்.

ஆராய்ச்சி அறக்குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில் யாரும் நன்றியுரையைச் சேர்ப்பதில்லை, அது அப்போது எழுதப்பட்டே இருக்காது. அதனால் இந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு எழுதுகிறவருடையதுதான். அதற்கு நான் பின்பற்றும் முறை எளிது. நன்றியுரையில் உள்ள பெயர்கள், இடங்கள், உறவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொன்றையும் இயல்களில் வரும் விவரத்தோடு சேர்த்துப் பார்ப்பேன். சேர்ந்து யாரையாவது காட்டிக்கொடுத்தால் நன்றியுரையில் இருப்பது போக வேண்டும். களத்துக்கு வழிவிட்டவர், மொழிபெயர்த்தவர், தங்க இடம் கொடுத்தவர் ஆகிய மூவர்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். நாம் அதிகம் கடன்பட்டிருப்பதும் இவர்களிடம்தான் என்பது இதில் உள்ள சங்கடம்.

அவருக்கு மனசே இல்லை. “அவங்க பேரே இல்லாம எப்படி?” என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டார். கடைசியில் ஏட்டில் நின்றது இது: “களத்தில் எனக்கு வழிகாட்டிய மூவரின் பெயர்களை இங்கே குறிப்பிட இயலாது. என்னை நம்பிப் பேசிய முப்பத்தொரு குடும்பங்களுக்கும் அந்த மூவருக்கும் இந்த ஆய்வு கடன்பட்டிருக்கிறது.”

பெயர் போடலாம் என்று முடிவான இடத்திலும் அவரவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நன்றியுரையில் பெயர் இருந்தால், ஆய்வின் முடிவுகளை அவர் ஏற்கிறார் என்று படிப்பவர் எண்ணக்கூடும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇயின் பரிந்துரைகள் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்டு வாங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆய்வேட்டுக்கு அந்த அளவு கண்டிப்பு பொதுவாக இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தை மட்டும் அனுப்பி, “இப்படிப் போடலாமா?” என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வேறொரு ஏட்டில் வேறு மாதிரி வில்லங்கம். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் எல்லா இயல்களையும் படித்துத் திருத்தம் சொன்னதாக நெகிழ்ந்து எழுதியிருந்தார் ஆய்வாளர். அந்தப் பேராசிரியர் தேர்வாளர் பரிந்துரைப் பட்டியலில் இருந்திருக்கிறார். ஏட்டைத் திருத்திக் கொடுத்தவரே அதை மதிப்பிட முடியாதே, பட்டியலை மாற்றி மறுபடி ஒப்புதலுக்குப் போக வேண்டியதாயிற்று. இதில் நன்றியுரை செய்த தவறு ஒன்றும் இல்லை, இருந்த சிக்கலை அது வெளியே சொல்லிவிட்டது, அவ்வளவுதான். பட்டியல் போகும் முன்பே நெறியாளரிடம் சொல்லியிருக்க வேண்டிய சேதி அது.

நம் ஆய்வாளருக்கு வருவோம். “பல தடைகளையும் சிலரின் ஒத்துழையாமையையும் மீறி” என்று ஒரு தொடர் இருந்தது. அந்தச் சிலர் ஒருவர்தான், முதல் நெறியாளர். ஒன்றரை ஆண்டில் இருவருக்கும் ஒத்துப்போகாமல் மாற்றிக்கொண்டிருக்கிறார். துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தொடரை எடுக்க உடனே சம்மதித்தார். அவர் பெயரையே விட்டுவிடலாமா என்றுதான் பிறகு கேட்டார். தெரிந்தவர்கள் அந்த மௌனத்தையும் வாசிப்பார்கள். அதனால் இங்கேயும் அதே கேள்விதான்: அவர் என்ன செய்தார்? தலைப்பை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு மாற்றச் சொன்னவர் அவர். ஆய்வின் திசையே அதுதானே! “மருத்துவமனைக்குப் பதிலாக வீட்டைப் பார்க்கச் சொன்னவர் என் முதல் நெறியாளர்” என்று எழுதினோம். பொய்யும் இல்லை, வஞ்சமும் இல்லை.

உதவித்தொகைக்கு இலக்கியம் தேவையில்லை. ஆணைக் கடிதத்தை எடுத்து, திட்டத்தின் பெயரையும் எண்ணையும் எழுத்து மாறாமல் படியெடுக்க வேண்டும். நிதி வழங்கும் அமைப்பு வாக்கியத்தையே கொடுத்திருந்தால் அதைத் தொடக்கூடாது. மொழித் திருத்தம் வாங்கியிருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. என்னைப் பற்றி நானே வாக்கியம் எழுதிக் கொடுக்கும் கூத்து அங்கேதான் நடக்கும். எழுத்துப்பிழை, இலக்கணம், மேற்கோள் ஒழுங்கு ஆகியவற்றை மட்டும் சரிபார்த்தார் என்று கொடுப்பேன். ‘மெருகேற்றினார்’ என்று யாராவது அன்பாகச் சேர்த்தால் அடித்துவிடுவேன். எதை மெருகேற்றினார் என்று தேர்வாளர் கேட்டால் பாவம், பதில் சொல்ல வேண்டியவர் ஆய்வாளர்.

மூன்றரைப் பக்கம் ஒன்றேகால் பக்கத்தில் வந்து நின்றது. காணிக்கைப் பக்கம் மட்டும் பாக்கி.

“தன் இரத்தத்தை வியர்வையாக்கி, மெழுகாய் உருகி, என்னை ஆளாக்கிய அன்புத் தெய்வம் என் அன்னையின் பொற்பாதங்களில் இவ்வாய்வேட்டைக் காணிக்கையாக்குகிறேன்” என்பது அவர் எழுதியது. நன்றியுரையிலும் அம்மாவுக்கு ஒரு பத்தி இருந்தது. விசாரித்தால், முப்பத்தொரு ஒலிப்பதிவுகளில் பதினொன்றைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர் அம்மாவாம்! இதை எங்கேயுமே எழுதவில்லை மனிதர். ஒலிப்பதிவில் பங்கேற்பாளர்களின் குரல் இருக்கிறதே, அம்மா கேட்கலாமா என்று திடுக்கிட்டேன். படியெடுப்பவர் என்று அறக்குழுவிடம் பெயர் கொடுத்து, இரகசியம் காக்கும் உறுதிமொழியிலும் கையெழுத்து வாங்கியிருந்தார். அந்த மட்டும் நல்லது.

ஆய்வில் வேலை செய்தவருக்கு இடம் நன்றியுரை. காணிக்கை, வேலை எதுவும் செய்யாமலே இந்த ஏட்டுக்குச் சொந்தமானவருக்கு. நான் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன், விதி ஒன்றும் இல்லை. அம்மா படியெடுத்தவராக நன்றியுரைக்குப் போனார். அப்படியானால் காணிக்கை யாருக்கு என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நான்கு வருஷம் படுத்த படுக்கையாக இருந்த தன் பாட்டியைப் பற்றி அப்போதுதான் சொன்னார். இந்த ஆய்வுக்கே காரணம் அவர்தானாம்.

“பாட்டிக்கு” என்று தட்டச்சு செய்து காட்டினேன். தமிழில் அந்த ‘க்கு’ ஒன்றே போதும், காணிக்கையாக்குகிறேன், சமர்ப்பிக்கிறேன் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பெயர் வேண்டுமா என்று யோசித்து, வேண்டாம் என்றார். தனிப் பக்கம், தலைப்புக் கிடையாது, நடுவிலிருந்து சற்று மேலே ஒரே சொல். அவருடைய பல்கலைக்கழகக் கையேட்டின்படி அந்தப் பக்கம் ரோமன் எண் வரிசையில் கணக்கில் வரும், ஆனால் எண் அச்சாகாது, பொருளடக்கத்திலும் ஏறாது. இது இடத்துக்கு இடம் மாறும், கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

வெட்டிய பத்திகளை அவர் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றையும் கடிதமாக்கி, உரியவருக்கு அனுப்பினார். செவிலியரை மட்டும் நேரில் போய்ப் பார்த்து, ஏட்டைக் காட்டி, ஏன் பெயர் இல்லை என்று விளக்கியிருக்கிறார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியையும் படித்துவிட்டு, “மூணு பேர்ல நான் எத்தனாவது தம்பி?” என்று கேட்டாராம்.