மேல்தொட்டித் தண்ணீர் நாறுகிறது

வீட்டுக்கார அண்ணே, போனில் சொன்னதைப் படத்தோடு இங்கேயும் போடுகிறேன், மற்ற மாடிக்காரர்களும் பார்க்கட்டும். குழாயில் பழுப்புத் தண்ணீர், அழுகிய முட்டை வாடை. யாங்கூன் போர் தண்ணீர் என்றால் இரும்பு இருக்கத்தானே செய்யும் என்பீர்கள். சரிதான். ஆனால் இரும்புத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்ட பிறகுதான் சிவக்கும். வெள்ளைக் கிண்ணங்களில் பிடித்துப் பார்த்தேன். கீழே மோட்டார் பக்கம் பிடித்தது தெளிவு, வாடையும் இல்லை. மேலிருந்து வந்தது விழும்போதே கலங்கல். நிறம் இரும்பாலும் இருக்கலாம், ஆனால் கீழே இல்லாத வாடை மேலே மட்டும் வருகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டியின் அடியில் தேங்கிய சேற்றில்தான்.

தண்ணீரை வடித்துவிட்டால் மட்டும் தீராது அண்ணே. சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லிட்டருக்கு 5 சதவீத பிளீச் (வாசனை சேர்க்காதது) 1 லிட்டர் ஊற்றச் சொல்லுங்கள். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விட்டு, முழுசாக வடிக்கணும். உள்ளே இறங்குபவரைத் தனியாக விடாதீர்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும்.

குளோரின் வாடை போன பிறகு பரிசோதனை: ஆய்வகமே தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றே கொடுக்கணும். இ.கோலை, இரும்பு இரண்டும் பார்க்கட்டும். தொட்டி மூடி வேறு உடைந்து கிடக்கிறது. ஞாயிறு ஆள் அனுப்புங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன்.