மூன்று முறைகள், ஒரே சமன்பாடு: பிழை அட்டவணை என்னை ஏமாற்றிய இடம்

இந்த வாரம் எடுத்துக்கொண்ட சமன்பாடு x³ − 2x − 5 = 0. நியூட்டன் 1669இல் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்டது இதைத்தான். 2இல் தொடங்கி, முதல் திருத்தத்தில் 2.1ஐ அடைந்து, அடுத்த திருத்தத்துக்கு அவர் 0.061ஐ 11.23ஆல் வகுத்தார். விரிதாளில் என் இரண்டாம் வரியிலும் அதே இரண்டு எண்கள் வந்து நின்றபோது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

விடை எனக்கு முன்பே தெரியும்: 2.0945514815... அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பிழை மிச்சம் என்று எழுதி, அந்த எண்களை மட்டும் வைத்து எந்த முறை எந்த வேகத்தில் விடையை நெருங்குகிறது என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்க நினைத்தேன். பிழையின் கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் சுலபமான வழி. சமன்பாட்டை x = ∛(2x+5) என்று மாற்றி, வந்த விடையைத் திரும்பத் திரும்ப உள்ளே போட்டேன். பிழைகள் 0.0946, 0.01447, 0.002201, 0.0003345, 0.00005083 என்று இறங்கின. ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுத்தால் 0.1530, 0.1521, 0.1520, 0.1520. விகிதம் ஓர் எண்ணில் போய் உட்கார்ந்துவிட்டது. இதுதான் நேரியல் குவிதல். அந்த 0.152 எங்கிருந்து வருகிறது என்றால், ∛(2x+5)இன் வகைக்கெழுவை விடையில் மதிப்பிட்டால் 2/(3x²), அதாவது 0.15196. ஒரு சுற்றுக்கு 0.82 தசம இலக்கம் கூடுகிறது, எத்தனை சுற்று ஓட்டினாலும் அதே அளவுதான்.

அடுத்து நியூட்டன் முறை, அதே 2இலிருந்து. இங்கே பிழையை முந்தைய பிழையின் வர்க்கத்தால் வகுத்தேன்.

```
சுற்று   பிழை         பிழை ÷ (முந்தைய பிழை)²
0      9.455e-2
1      5.449e-3     0.609
2      1.664e-5     0.561
3      1.559e-10    0.563
```

வர்க்கத்தால் வகுத்த எண் நிலைக்கிறது, ஆகவே இருபடிக் குவிதல். x³ − 2x − 5ஐ f என்று வைத்தால், நிலைக்க வேண்டிய மதிப்பு விடையில் f″/(2f′), அதாவது 0.563. அட்டவணையும் அங்கேதான் வந்து நிற்கிறது.

ஆனால் முதல் தடவை இந்தக் கடைசி வரியில் 0.563 வரவில்லை, 0.716 வந்தது. அதற்கடுத்த வரியில் நூறு கோடியைத் தாண்டிய ஓர் எண். அரை மணி நேரம் சூத்திரத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், அதில் தவறே இல்லை. தவறு விடையில். ஒப்பிட வைத்திருந்த விடையை 2.0945514815 என்று பத்து தசமத்தோடு நிறுத்தியிருந்தேன். உண்மையான விடை அதற்கு மேலும் 4.2e-11 தள்ளி இருக்கிறது. மூன்றாம் சுற்றின் பிழையே 1.6e-10 என்னும்போது, அந்த வெட்டு கால் பங்குக்கு மேல் கெடுத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு: பிழை குறைந்துகொண்டே வந்து, திடீரென்று ஓர் அளவில் அசையாமல் நின்றுவிடும். எனக்கு 4.2e-11இல் நின்றது. அப்படி நின்றால் நாம் அளப்பது முறையின் பிழையை அல்ல, நம் அளவுகோலின் பிழையை.

அதனால் விரிதாளை விட்டுவிட்டு, 60 இலக்கத்தில் கணக்கிடும் mpmath என்ற பைத்தான் நூலகத்துக்கு மாறினேன். நியூட்டன் முறையையே ஆறு சுற்று ஓட்டி, வந்ததை விடையாக வைத்துக்கொண்டேன். அப்புறம் வெட்டுக்கோட்டு முறை. இதில் வகைக்கெழு வேண்டாம், கடைசி இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு அச்சை எங்கே வெட்டுகிறதோ அதுதான் அடுத்த மதிப்பு. இரண்டு தொடக்கப் புள்ளிகள் வேண்டும் என்பதால் 2ஐயும், நியூட்டன் முறையின் முதல் சுற்றில் கிடைத்த 2.1ஐயும் எடுத்துக்கொண்டேன்.

```
from mpmath import mp, mpf
mp.dps = 60
f = lambda x: x**3 - 2*x - 5
a, b = mpf(2), mpf('2.1')
for _ in range(5):
    a, b = b, b - f(b)*(b - a)/(f(b) - f(a))
    print(b)
```

முதல் இரண்டு புதிய மதிப்புகளின் பிழை 3.008e-4, 9.207e-7. வர்க்கத்தால் வகுத்தால் 10.1, அடுத்தது 10.2. அட, நிலைக்கிறதே! படியை நேரடியாகக் கணக்கிடும் வழியிலும் பார்த்தேன். பிழைகளின் மடக்கை எடுத்து, இந்தச் சுற்றில் கூடிய இலக்கத்தைப் போன சுற்றில் கூடியதால் வகுக்க வேண்டும். 1.998 வந்தது. வெட்டுக்கோட்டு முறையும் இருபடிதான் என்று நோட்டில் எழுதியே விட்டேன். மீதி வரிகளைப் பார்த்த பிறகு அதை அடிக்க வேண்டியதாயிற்று.

```
மதிப்பு   பிழை         ÷ வர்க்கம்    படி
x1      5.449e-3
x2      3.008e-4     10.1       1.015
x3      9.207e-7     10.2       1.998
x4      1.559e-10    184        1.500
x5      8.08e-17     3300       1.667
x6      7.09e-27     11 லட்சம்   1.600
```

வர்க்கத்தால் வகுத்த எண் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது, ஆகவே இருபடி இல்லை. முந்தைய பிழையால் மட்டும் வகுத்தால் 0.055, 0.0031, 0.00017 என்று பூச்சியத்தை நோக்கிப் போகிறது, ஆகவே வெறும் நேரியலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இதைத்தான் மீநேரியல் குவிதல் என்கிறார்கள்.

படி என்ற பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1, 2, 1.5, 1.667, 1.6. இவை 1/1, 2/1, 3/2, 5/3, 8/5. அப்படியே ஃபிபனாச்சி எண்களின் விகிதங்கள்! காரணம் இதுதான்: இந்த முறையில் புதிய பிழை, முந்தைய இரண்டு பிழைகளின் பெருக்கலை ஏறத்தாழ 0.563ஆல் பெருக்கியது. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூடும் இலக்கம், அதற்கு முந்தைய இரண்டு சுற்றுகளில் கூடியவற்றின் கூட்டுத்தொகை. என் எண்களில் 1.258, 2.514, அப்புறம் 3.771. கூட்டிப் பார்த்தால் 3.772. அந்த விகிதங்கள் மேலும் கீழுமாக ஆடி 1.618ஐ நெருங்குவதால்தான் இந்த முறையின் படி 1.618.

இன்னொன்று கண்ணில் பட்டது. நியூட்டன் அட்டவணையின் மூன்றாம் சுற்றிலும் இங்கே x4இலும் பிழை 1.559e-10. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தவறி நகலெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இல்லை. தொடக்கப் பிழையை 0.563ஆல் பெருக்கி அதை d என்று வைத்தால், நியூட்டனில் அது d, d², d⁴, d⁸ என்று போகிறது. வெட்டுக்கோட்டில், 2.1ஐ நியூட்டனிடமிருந்து வாங்கியதால், d, d², d³, d⁵, d⁸. இரண்டு பாதையும் d⁸இல் சந்திக்கின்றன. 0.563 என்பது ஆரம்ப வரிகளில் அவ்வளவு துல்லியமாக இல்லாததால், மூன்று இலக்கம் ஒத்துப்போனதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. அந்த இடத்தை அடைய நியூட்டனுக்கு f மூன்று தடவை, வகைக்கெழு மூன்று தடவை. வெட்டுக்கோட்டுக்கு, 2.1 கையில் இருந்தால், f நான்கே தடவை.

சரி, 2.1ஐக் கடன் வாங்காமல் 2, 3 என்று தொடங்கினால்? ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் வந்த இரண்டு எண்களை விட்டால், படிகள் 3.93, 1.26, 1.80, 1.56, 1.64 என்று வந்தன. 3.93ஐ மட்டும் பார்த்தால் நாற்படிக் குவிதல் என்றே தோன்றும். ஃபிபனாச்சி விகிதங்கள் இங்கே தெரியவில்லை, ஆனால் கூட்டல் விதி அப்படியே நிற்கிறது: 1.69, 2.12, அடுத்தது 3.81.